அம்மாவின் முட்டுவலியும் மூன்று வருஷக் கணக்கும்

2023 டிசம்பரில் ஒரு நாள் காலையிலேயே கருங்கலில் இருந்து கார் பிடித்து, களியக்காவிளை நெரிசலில் முக்கால் மணி நேரம் கிடந்து, அம்மாவைத் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வலது முட்டு தேய்ந்துபோய் மாடிப்படி ஏற முடியாத நிலை. எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு மாற்று ஆபரேஷன்தான் வழி என்றார். எங்களுக்கும் தெரிந்ததுதான், அதற்காகவே போயிருந்தோம். ஏனென்றால் அம்மா அப்பா இரண்டு பேருக்கும் நான் 2021 அக்டோபர் 14 அன்று ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்திருந்தேன், அதில் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு இரண்டு வருஷம் காத்திருப்பு என்று போட்டிருந்தது, அந்த இரண்டு வருஷம் முடிந்து இரண்டு மாதமும் ஆகிவிட்டது. நாள் எண்ணிக்கொண்டு இருந்து போனோம் என்றே சொல்லலாம்.

இன்ஷூரன்ஸ் டெஸ்கில் இருந்த பெண் பேப்பரை வாங்கி அனுப்பினாள். சாயா குடித்துவிட்டு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுவது, கிடையாது, இந்த நோய்க்குக் காத்திருப்பு மூன்று வருஷம், 2024 அக்டோபருக்கு அப்புறம்தான் என்று.

எனக்கு வந்த வெப்ராளம் கொஞ்சமல்ல. பாலிசி புத்தகத்தை அங்கேயே விரித்து, "இரண்டு வருஷம் என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள்" என்று போனில் சண்டை போட்டேன். மறுமுனையில் இருந்தவர் நிதானமாக ஒரு வரியை வாசித்துக் காட்டினார். அந்த வரி அதே பக்கத்தில், நான் விரல் வைத்திருந்த பட்டியலுக்கு மேலேயே இருந்தது. பட்டியலில் உள்ள நோய், பாலிசி எடுக்கும்போதே இருந்த நோயாகவும் இருந்தால், இரண்டு காத்திருப்பில் எது நீளமோ அதுதான் பொருந்தும். அம்மாவுக்கு முட்டுவலி இருக்கிறது, 2020-ல் எக்ஸ்ரே எடுத்துத் தேய்மானம் என்று சொன்னார்கள் என்பதை விண்ணப்பத்தில் எழுதியது நான்தான்.

இந்த ஒரு வரி தெரியாமல் பாலிசி எடுக்கிறவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். காத்திருப்புக் காலம் ஒன்றல்ல, மூன்று. முதல் முப்பது நாள் விபத்தைத் தவிர எதற்கும் பணம் வராது. அப்புறம் ஒரு பட்டியல் இருக்கும்: கண்புரை, குடலிறக்கம், மூலம், பித்தப்பைக் கல், கர்ப்பப்பை எடுப்பது, மூட்டு மாற்று போன்ற, தள்ளிப்போட்டுச் செய்யக்கூடிய வைத்தியங்கள். இவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு வருஷம். பாலிசி எடுக்கும்போது அந்த நோய் உங்களுக்குச் சுத்தமாக இல்லாமல் இருந்தாலும் இந்த இரண்டு வருஷம் உண்டு. மூன்றாவது, ஏற்கனவே இருக்கிற நோய்களுக்கானது, சுகர், பிரஷர், தைராய்டு, ஆஸ்துமா, அம்மாவின் முட்டு மாதிரி. இது முன்பு நாலு வருஷம் வரை போகலாம் என்று இருந்தது. 2024 ஏப்ரலில் இருந்து மூன்று வருஷத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மாற்றிவிட்டது. எங்கள் பாலிசியில் முதலிலேயே மூன்றுதான்.

வயதான அப்பா அம்மாவுக்கு எடுக்கும்போது இந்த மூன்றாவது கடிகாரம்தான் முக்கியம். மற்ற இரண்டும் அதற்குள் அடங்கிவிடும். அறுபது தாண்டிய எந்த உடம்பில் எதுவும் இல்லாமல் இருக்கிறது?

சரி, "அப்படியென்றால் முட்டுவலியை எழுதாமல் விட்டிருக்கலாமே" என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் திரும்பி வரும் வழியில் தோன்றியது. எங்கள் ஏஜென்ட் அண்ணன்கூட 2021-ல் ஃபாரம் நிரப்பும்போது, "தம்பி, சுகரை மட்டும் எழுது, முட்டுவலி எல்லாம் ஒரு தீனமா" என்று சொன்னவர்தான். அவருக்கு அந்த மாசம் பாலிசி எண்ணிக்கை சேர வேண்டும், அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நான் எழுதியதற்குக் காரணம் என் மாமா, அம்மாவின் தம்பி.

மாமாவுக்கு எட்டு வருஷமாகச் சுகர். பாலிசி எடுக்கும்போது எழுதவில்லை, மெடிக்கல் டெஸ்டும் கேட்கவில்லை, பிரீமியம் குறைவாக வந்தது என்று எங்கள் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினாலாவது மாதம் நெஞ்சுவலி வந்து நாகர்கோவிலில் சேர்த்தோம், ஸ்டென்ட் வைத்தார்கள். அட்மிஷன் நேரத்தில் டியூட்டி டாக்டர் "சுகர் இருக்கா, எத்தனை வருஷமா" என்று கேட்க, மாமி பதறிப்போய் "எட்டு வருஷமா மாத்திரை எடுக்காவ சாரே" என்றாள். வைத்தியத்துக்கு அது தெரிந்தாக வேண்டிய விஷயம், மாமி சொன்னதில் தப்பே இல்லை. அது கேஸ் ஷீட்டில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஏறியது. கம்பெனிக்காரர்கள் முதலில் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். பாலிசி தேதிக்கு முன்பே இருந்த நோயை மறைத்திருக்கிறார் என்று க்ளெய்மை மறுத்து, பாலிசியையும் ரத்து செய்துவிட்டார்கள். மூன்றரை லட்சத்துக்கு மாமியின் நகை பேங்குக்குப் போனது. சுகரை எழுதியிருந்தால் காத்திருப்புக் காலம் என்று அந்தத் தடவை மறுத்திருக்கலாம், ஆனால் பாலிசி கையில் நின்றிருக்கும். இப்போது இருதயத்தில் ஸ்டென்ட் உள்ள அறுபத்திரண்டு வயது மனிதருக்குப் புதிதாகப் பாலிசி கேட்டு ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்குகிறோம். எந்த வயதிலும் சேரலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் உங்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று எந்தக் கம்பெனிக்கும் கட்டாயம் இல்லை.

அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் பற்றி இன்னொன்று. 2022-ல் அப்பா ஸ்கூட்டரில் இருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தது. விபத்து என்பதால் காத்திருப்பு ஒன்றும் தடையில்லை. ஆனால் சம்மரியில் "பிரஷர் 10 வருஷமாக" என்று இருந்தது. உண்மையில் அப்பாவுக்குப் பிரஷர் 2018-ல் தெரிந்தது, ஃபாரத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தோம். கூட நின்ற சித்தி ஏதோ குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறாள். நான் முதல் மாத்திரைச் சீட்டைக் காட்டி, டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே டாக்டரிடம் திருத்தி வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகு போய்க் கேட்டால் திருத்த மாட்டார்கள், திருத்தினாலும் கம்பெனி சந்தேகமாகப் பார்க்கும். அதனால் எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிக்கு யார் கூடப் போனாலும் ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம், என்ன நோய், எந்த வருஷத்தில் இருந்து, என்ன மாத்திரை என்று. டாக்டருக்கும் அது உதவி.

இனி ஆபரேஷன். அம்மா இன்னும் பத்து மாதம் தைலமும் பெல்ட்டும் போட்டு ஓட்டினாள். 2024 நவம்பரில் அதே ஆஸ்பத்திரி. இந்த முறை நாலு நாள் முன்பே அனுமதிக்கு அனுப்பினோம், கேஷ்லெஸ் கிடைத்தது. நான் நிம்மதியாகிவிட்டேன். அந்த நிம்மதியில்தான் அடுத்த தப்பு.

ரூம் கேட்டபோது, ஐயாயிரம் ரூபாய் ரூமில் கட்டில் பக்கத்தில் கூட இருப்பவருக்கு ஒரு பெஞ்ச்தான், எட்டாயிரம் ரூபாய் ரூமில் சோபா கட்டில் இருந்தது. என் மனைவிதான் கூட இருக்கப் போகிறாள், நாலு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் கூடினால் கூடட்டும், வித்தியாசத்தைக் கையிலிருந்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பாலிசியில் ரூம் வாடகை ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம் என்று இருந்தது எனக்குத் தெரியும். ஐந்து லட்சத்துக்கு ஐயாயிரம். தெரியாதது, வாடகை கூடினால் வெட்டு வாடகையில் மட்டும் விழாது என்பது.

மொத்த பில் 2,60,000. அதில் ரூம் 32,000. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்ந்து 1,20,000. செயற்கை மூட்டு, மருந்து, டெஸ்டுகள் 1,00,000. மிச்சம் 8,000 கையுறை, டயப்பர், பதிவுக் கட்டணம் மாதிரி பாலிசியே தராத சாமான்கள். நான் எடுத்திருக்க வேண்டிய ரூம் ஐயாயிரம், எடுத்தது எட்டாயிரம், அதாவது எட்டில் ஐந்து பங்கு. அந்த எட்டில் ஐந்து என்ற விகிதத்தில் சர்ஜன் ஃபீஸும் தியேட்டர் சார்ஜும்கூட வெட்டப்பட்டது. பெரிய ரூமில் இருக்கிறவர்களிடம் பல ஆஸ்பத்திரிகள் டாக்டர் ஃபீஸையும் கூட்டித்தான் வாங்குகின்றன, அதனால் இந்த விதி. மருந்துக்கும், உடம்பில் வைக்கும் சாமானுக்கும், டெஸ்டுக்கும் இந்த வெட்டு கூடாது என்று ஆணையத்தின் விதி இருக்கிறது, அதையும் சேர்த்து வெட்டியிருந்தால் கேள்வி கேளுங்கள். எங்களுக்கு அதில் வெட்டவில்லை.

ஆக ரூமுக்கு 20,000, சர்ஜன் வகையில் 1,20,000-க்குப் பதில் 75,000, மருந்து வகையில் முழு லட்சம். ஏற்றுக்கொண்டது 1,95,000. அதற்கு மேல் கோ-பே. அறுபது வயதுக்கு மேல் சேர்ந்தவர்களுக்கு ஒவ்வொரு க்ளெய்மிலும் இருபது சதவீதம் நாமே போட வேண்டும் என்ற நிபந்தனை, அது 39,000. கம்பெனி கொடுத்தது 1,56,000. என் கையிலிருந்து போனது 1,04,000.

வீட்டுக்கு வந்து ஐயாயிரம் ரூமில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், போட்டிருக்கவே கூடாது. பில் 2,48,000, தராத சாமான் 8,000 போக 2,40,000, கோ-பே 48,000, கையிலிருந்து 56,000. அந்த சோபா கட்டிலின் விலை 48,000 ரூபாய். மனைவியிடம் சொன்னேன். "தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பேனே" என்றாள். இன்றைக்கும் வீட்டில் யாராவது சோபா வாங்க வேண்டும் என்றால் இந்தக் கதை வரும்.

இதில் இருந்துதான் காப்பீட்டுத் தொகையை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். மூன்று லட்சம் போதுமா ஐந்து லட்சம் போதுமா என்று பேசும்போது, பெரிய பில் வந்தால் தாங்குமா என்று மட்டும்தான் நினைக்கிறோம். ரூம் வாடகை சதவீதத்தில் உள்ள பாலிசியில் அந்தத் தொகை சின்ன பில்லையும் வெட்டும். அம்மாவுக்கு நான் மூன்று லட்சம்தான் எடுத்திருந்தால் ரூம் வரம்பு மூவாயிரம் ஆகியிருக்கும், அந்த ஆஸ்பத்திரியில் அந்த விலைக்கு ரூமே இல்லை, வார்டுதான். அதனால் பாலிசி எடுக்கும் முன்பே, நீங்கள் உண்மையில் போகிற இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளுக்குப் போன் பண்ணி ஒற்றை ரூம் வாடகை கேளுங்கள். குமரி மாவட்டத்துக்காரர்கள் நாகர்கோவில், மார்த்தாண்டம் விலையை மட்டும் கேட்டால் போதாது. நெஞ்சு, மூளை, எலும்பு என்றால் நம்மில் பாதிப்பேர் எல்லை தாண்டித்தான் போகிறோம், அந்த ஆஸ்பத்திரி உங்கள் கம்பெனியின் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சில பாலிசிகள் ஊரை மண்டலமாகப் பிரித்து, சின்ன ஊர் முகவரிக்குப் பிரீமியம் குறைத்து, பெரிய நகரத்தில் வைத்தியம் பார்த்தால் ஒரு பங்கை நம் தலையில் கட்டும். திருவனந்தபுரம் எந்த மண்டலம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தொகையை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்று விடுவதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. 2024-ல் புதுப்பிக்கும்போது பத்து லட்சமாக்கலாமா என்று கேட்டேன். ஆக்கலாம், ஆனால் கூடுதலாக வரும் ஐந்து லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாக ஆரம்பிக்கும். பழைய ஐந்துக்கு மட்டும்தான் மூன்று வருஷம் முடிந்ததாகக் கணக்கு. அப்பாவுக்கு அப்போது அறுபத்தொன்பது. எழுபத்திரண்டு வரை காத்திருக்கும் கூடுதல் தொகைக்கு அந்தப் பிரீமியம் எனக்குக் கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டேன். ஆரம்பத்திலேயே எவ்வளவு முடியுமோ அவ்வளவு எடுத்திருக்க வேண்டும்.

கோ-பே இல்லாத கம்பெனிக்கு மாறவும் முயன்றேன். பாலிசியை அப்படியே வேறு கம்பெனிக்குப் போர்ட் பண்ணினால் ஏற்கனவே முடித்த காத்திருப்பு, பழைய தொகை வரைக்கும், கூடவே வரும். அது நல்ல ஏற்பாடு. புதுப்பிக்கும் தேதிக்கு நாற்பத்தைந்து நாளாவது முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தேன், அப்பாவின் சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முடியாது என்று விட்டார்கள். அந்த முடிவு வரும் வரைக்கும் பழைய பாலிசியை விடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மாறுகிறேன் என்று பழையதை முதலில் நிறுத்திய ஒருவரை எனக்குத் தெரியும், அவருக்கு இரண்டும் இல்லாமல் போனது.

எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனிப் பாலிசிதான். முதலில் அப்பா அம்மாவையும் அதே குடும்ப பாலிசியில் போட்டுவிடலாம், ஒரே பில்லாகப் போய்விடும் என்று நினைத்ததுண்டு. ஆனால் குடும்பத்துக்கு மொத்தமாக எடுக்கும் பாலிசியில் பிரீமியம் மூத்தவரின் வயதைப் பிடித்துத்தான் ஏறும், நாங்கள் நாலு பேரும் அப்பாவின் அறுபத்தாறு வயதுக்குப் பைசா கட்டியிருப்போம். அதோடு அப்பா ஒரு வருஷம் தொகை முழுவதையும் தீர்த்துவிட்டால் பிள்ளைக்கு டெங்கு வரும்போது ஒன்றும் மிஞ்சாது. எனக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஐந்து லட்சம் அடிப்படை, அதன்மேல் பதினைந்து லட்சத்துக்கு ஒரு சூப்பர் டாப்-அப். வருஷத்தின் மொத்த பில் ஐந்து லட்சத்தைத் தாண்டினால் அதற்கு மேலுள்ளதை அது பார்க்கும், அதனால்தான் விலை மலிவு. வெறும் டாப்-அப் என்றால் ஒவ்வொரு பில்லும் தனித்தனியாக ஐந்தைத் தாண்ட வேண்டும், இரண்டையும் பெயரை வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடந்த அக்டோபரில் புதுப்பித்தபோது ஒரு சின்ன சந்தோஷம், தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு இருந்த பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. ஆனாலும் பணம் கட்டுவதில் அந்த முறை வழுக்கிவிட்டோம். கத்தாரில் இருக்கும் தம்பியின் கார்டில் தானாகப் போகும் என்று இருந்தோம், கார்டு காலாவதி. தெரிந்து கட்டியது பத்து நாள் கழித்து. முப்பது நாள் சலுகை இருப்பதால் நான்கு வருஷக் கணக்கு அறுபடவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் ஒரு ரூபாய் கிடைத்திருக்காது. அப்பா அந்தப் பத்து நாளும் ஸ்கூட்டரைத் தொடவில்லை. "மக்களே, பைசா கெட்டியாச்சா" என்று தினமும் காலையில் கேட்பார்.

இப்போது எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. 2021 அக்டோபர் 14 என்று மேலே, அதற்குக் கீழே இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று முடிந்த தேதிகள் அடித்துவிடப்பட்டு, கடைசியில் 2026 அக்டோபர் 14 மட்டும் மிச்சம் இருக்கிறது. விடாமல் ஐந்து வருஷம் முடிந்துவிட்டால், அப்புறம் மோசடி என்று நிரூபித்தால் தவிர, விண்ணப்பத்தில் அதை எழுதவில்லை இதை எழுதவில்லை என்று கம்பெனி க்ளெய்மை மறுக்க முடியாது. முன்பு இது எட்டு வருஷமாக இருந்தது. நாங்கள் எதையும் மறைக்கவில்லைதான். ஆனால் அப்பாவுக்கு 2015-ல் ஒருமுறை தலைசுற்றி குளச்சலில் ஏதோ ஊசி போட்டதாக அம்மா போன மாதம்தான் சொல்கிறாள்.

இடது முட்டும் இப்போது வலிக்கிறதாம். இந்த முறை பெஞ்ச் உள்ள ரூம்தான் என்று மனைவி இப்போதே சொல்லிவிட்டாள்.